ஒரு வேளைப் பாலின் எடை

அந்தக் குழந்தையின் கேஸ் ஷீட்டில் அன்றைக்கு அறுபது தாள்கள் இருந்தன. ஷிஃப்டுக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, இருபது நாட்களுக்கு அறுபது. இரவு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கடைசி நான்கைந்து தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எடை ஏறுது. ஆனா சரியா ஏறுதான்னு இதுல தெரியல. எல்லாத்தையும் ஒரே டேபிளா போட்டுக் குடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். சொந்த ஊர் பள்ளிப்பட்டு. 1960-இல் எல்லையை மாற்றி வரைந்தபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதி. இன்றும் பாதி வீடுகளில் தெலுங்கு. அந்தக் குழந்தையின் அம்மாவும் எங்கள் ஊர்ப் பெண்தான் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அதுவரை "சிஸ்டர்" என்றவள் அதற்குப் பிறகு "அக்கா" என்றாள். அவளுடைய மாமியார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "எந்த பெரிகிந்தி?" எவ்வளவு ஏறியது?

நானும் தினமும் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அறுபது தாளையும் மேஜையில் பரப்பிய அந்த இரவில்தான் யோசித்தேன்.

குழந்தை 32 வாரத்தில் பிறந்தது. எடை 1480 கிராம். அந்த வயதில் உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டு மூன்றையும் ஒருங்கே செய்யும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. அதனால் வாய் வழியாக இரைப்பைக்குள் போகும் மெல்லிய குழாயில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்குப் பன்னிரண்டு வேளை. இந்தக் குழந்தைக்கு வேளைக்கு 10 மில்லியில் தொடங்கி ஏழாம் நாள் 20 மில்லிக்கு வந்திருந்தோம். முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைகளும் எடை இழக்கும். இவனும் ஐந்தாம் நாள் 1340 வரை இறங்கினான். பதினொன்றாம் நாள் காலை 1485. பிறந்த எடையைத் திரும்பத் தொட்டாகிவிட்டது. அதுவரை எல்லாம் பாடப்புத்தகம்போல.

டேபிள் போட உட்கார்ந்ததும் முதல் கேள்வி, நாள் என்பது எங்கே தொடங்குகிறது? தாள்களில் தேதி நள்ளிரவில் மாறும். எங்கள் பிரிவின் நாளோ காலை 8 மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது தொடங்கும். எடை பார்ப்பதும் காலை 8 மணிக்கு, அந்த வேளைப் பாலுக்கு முன்னால். தேதியை வைத்துக் கூட்டினால், காலை 8 மணி எடைக்கு முன்னால் குடித்த நான்கு வேளைப் பாலும் பின்னால் குடித்த எட்டு வேளைப் பாலும் ஒரே வரியில் விழுந்துவிடும். எந்தப் பாலுக்கு எந்த ஏற்றம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் ஒரு வரியை இப்படி வைத்துக்கொண்டேன்: இன்று காலை 8 மணி எடை, அதிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை குடித்த பன்னிரண்டு வேளைப் பால், அதற்குப் பலனாக மறுநாள் காலை எவ்வளவு ஏறியது. விடியற்காலை இரண்டு மணிக்குக் கொடுத்த பால், தேதி மாறியிருந்தாலும் முந்தின நாளின் பால்தான்.

இரண்டாவது சிக்கல் காலிக் கட்டம். ஒன்பதாம் நாள் இரவு 2 மணிக் கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பால் கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டு எழுத மறந்தார்களா? கொடுத்திருப்பார்கள் என்று 20 போட்டு நிரப்பக் கை போகும். போடக் கூடாது. பூஜ்யமும் போடக் கூடாது. வயிற்றில் பழைய பால் தங்கியிருந்ததால் நிறுத்தினோம் என்றால்தான் அது பூஜ்யம், பக்கத்தில் காரணமும் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, அன்றைய கூட்டலை '220, ஒரு வேளை தெரியவில்லை' என்று எழுதினேன்.

மூன்றாவது, பதினான்காம் நாள். அதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தின நாள் 1540 இருந்த எடை அன்று 1580. நாற்பது கிராம்! அம்மாக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் 1590, வெறும் பத்து. "நான் குடுக்கற பால் பத்தலையாக்கா?" என்று பாத்ரூம் வாசலில் நின்று அழுதாள். எதையோ சொல்லித் தேற்றினேன். தாளைத் தேடியபோது விஷயம் கிடைத்தது. அன்று காலை வேறொரு குழந்தைக்கு மூச்சுத் திணறல். அந்தப் பரபரப்பில் 8 மணிப் பால் கொடுத்த பிறகு இவனை எடை பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் சின்னதாக எழுதியும் இருந்தது.

20 மில்லி பால் என்பது ஏறக்குறைய 20 கிராம். ஒன்றரைக் கிலோ குழந்தை ஒரு நாளில் ஏற வேண்டியது சுமார் 25 கிராம். அதாவது ஒரு வேளைப் பாலும் ஒரு நாள் வளர்ச்சியும் கிட்டத்தட்ட ஒரே எடை. நனைந்த துணியோடு தராசில் வைத்தாலும், கையில் ஊசி அசையாமல் கட்டிய அட்டையோடு வைத்தாலும் இதேதான். ஒரு நாள் வளர்ச்சியை இல்லாமல் ஆக்கவும், இல்லாத வளர்ச்சியைக் காட்டவும் அவ்வளவே போதும். அவள் சிரித்ததும் அழுததும் ஒரே ஒரு வேளைப் பாலுக்காக. 1580-ஐ அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு 'பாலுக்குப் பின்' என்று எழுதினேன்.

ஆகவே ஒரு நாள் வித்தியாசத்தை நம்ப முடியாது. நான்கைந்து நாட்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய குழந்தைக்கு 25 கிராமும் சின்னதுக்கு 25 கிராமும் ஒன்றில்லை என்பதால் அதை எடையாலும் வகுக்க வேண்டும். 11-ஆம் நாள் 1485, 16-ஆம் நாள் 1610. ஐந்து நாளில் 125, நாளைக்கு 25. இரண்டு எடைகளின் சராசரி ஏறக்குறைய 1.55 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 16 கிராம். 15-க்குக் குறையாமல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. நன்றாகத்தான் ஏறியிருக்கிறான்.

காலை 8 மணிக்கு எடை பார்த்தோம். 1660. அதையும் எழுதி 16-இலிருந்து 20 வரை கணக்குப் போட்டேன். நான்கு நாளில் 50 கிராம். கிலோவுக்கு நாளொன்றுக்கு எட்டுகூட இல்லை. முன்பு ஏறியதில் பாதி.

ஆனால் அந்த நான்கு நாட்களின் தாள்களைத் தனித்தனியாக எடுத்தால் எதிலும் தப்பு இல்லை. 'எடை ஏறியுள்ளது', 'பால் 20 மில்லி, 12 வேளை, வாந்தி இல்லை'. எல்லாம் உண்மை. பிழை தாள்களுக்கு நடுவில் இருந்தது. பால் அளவைக் கிலோவால் வகுத்த கட்டத்தைப் போட்டதும் அது கண்ணில் பட்டது. டாக்டர் பார்த்துவிட்டுப் பாலைக் கூட்டிய பிறகு வந்த இரண்டு நாட்களையும் சேர்த்து அந்தப் பகுதியை இங்கே தருகிறேன்.

| நாள் | காலை எடை (கிராம்) | அந்த நாளின் பால் (மி.லி.) | கிலோவுக்கு மி.லி. | மறுநாள் ஏற்றம் |
|---|---|---|---|---|
| 11 | 1485 | 240 | 162 | 25 |
| 16 | 1610 | 240 | 149 | 15 |
| 17 | 1625 | 240 | 148 | 15 |
| 18 | 1640 | 240 | 146 | 10 |
| 19 | 1650 | 240 | 145 | 10 |
| 20 | 1660 | 276 | 166 | 15 |
| 21 | 1675 | 300 | 179 | 30 |

பிறந்த எடையைத் திரும்பத் தொடும்வரை பிறந்த எடையை வைத்துத்தான் பால் கணக்கு. தொட்ட பிறகு, அன்றன்றைய எடைக்குக் கணக்கு மாற வேண்டும். மாற்றவில்லை. குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தான், வேளைக்கு 20 என்பது அப்படியே நின்றது. யாரும் பாலைக் குறைக்கவில்லை, ஆனாலும் அவனுக்குக் கிடைத்தது தினமும் கொஞ்சம் குறைந்தது. போதாததற்கு 16-ஆம் நாள் குழாயை எடுத்துப் பாலாடைக்கு மாற்றியிருந்தோம். நம் வீடுகளில் இருக்கும் அதே சங்குதான். இப்போது அவனே விழுங்க வேண்டும், அதற்கும் தெம்பு செலவாகும். வாயோரம் வழிந்து துணியில் ஊறுகிற பாலும் தாளில் 20 என்றுதான் ஏறும்.

அந்த நான்கு நாட்களில் இரண்டு இரவுகள் என் ட்யூட்டி. அந்த இரவுகளின் பாலுக்கெல்லாம் என் கையெழுத்து. 20, 20, 20 என்று அழகாக எழுதியிருக்கிறேன். முந்தின தாளில் 20 இருந்தது, நானும் எழுதினேன். "பால் பத்தலையாக்கா?" என்று அவள் கேட்டது பதினைந்தாம் நாள். அன்றைக்கு அவள் அழுததற்குக் காரணம் தராசு. ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கேள்வி உண்மையாகவே சரியாக இருந்தது. அவளிடம் பால் இருந்தது. கணக்கில்தான் பத்தவில்லை.

டாக்டர் டேபிளைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. முதலில் 23, வயிறு ஒத்துக்கொண்டதும் மறுநாள் 25 என்று எழுதினார். பாலாடை பிடிக்கும்போது கீழே ஒரு துணியை வைத்து, அதை முன்னும் பின்னும் எடை பார்த்து, வழிந்ததைக் கழித்து எழுதச் சொன்னார். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "உன் பால்ல குறை இல்லம்மா. நாங்கதான் அளவ ஏத்தாம விட்டுட்டோம்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அப்போ இப்ப ஏத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

21-இலிருந்து 25 வரை 115 கிராம் ஏறினான். கிலோவுக்குப் பதினாறுக்கு மேல். இதற்கிடையில் இன்னொரு பள்ளம் வந்தது. 24-ஆம் நாள் பால் கூட்டல் திடீரென 200-க்கு இறங்கியது. பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். உண்மையில் அன்றுதான் நான்கு வேளை நேரடியாக அம்மாவின் மார்பில் குடித்தான். அதற்கு மில்லி கணக்கு இல்லை. அதற்கென்று தனிக் கட்டம் போட்டு 'தாய் 4, பாலாடை 8' என்று எழுதினேன். முன்னேற்றம் சரிவு மாதிரித் தெரிகிற ஒரே இடம் அதுதான். பால் அளவு சாட்சி சொல்ல முடியாத அந்த நாட்களில் மறுநாள் காலை எடைதான் சாட்சி. 30 ஏறியிருந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று டேபிளைத் தன் புருஷனின் தறிக் கூலி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நட்சத்திரத்தையும் கேள்விக்குறியையும்கூட விடவில்லை. அடுத்த வாரம் ஊரில் எடை பார்க்க வேண்டும் என்றேன். மாமியார் வழக்கம்போல எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று கேட்டார். அவள் குறுக்கிட்டாள்.

"அது இருக்கட்டும் அத்தை. அக்கா, அங்க இருக்கற தராசு வேறயா இருக்குமே, மொத நாளே ஒரு தடவை அதுல வச்சுப் பாத்துக்கட்டுமா? பால் குடுக்கறதுக்கு முன்னாடிதான?"