பாலுக்கு முன் இரண்டு சொட்டு

எல்.கே.ஜி. போகும் மூத்தவள் பள்ளியிலிருந்து சளியோடு வந்தாள். தம்பியைக் கொஞ்சாமல் அவளால் இருக்க முடியாது, அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அவனுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது.

மார்பில் வாய் வைப்பான். நாலு இழுப்பு இழுப்பான். சட்டென்று விட்டுவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு வீறிடுவான். பசி அடங்காததால் திரும்பவும் வாய் வைப்பான், திரும்பவும் அதே கதை. "பால் பத்தலைடி, பூண்டை நல்லா சேர்த்துக்கோ" என்றார் அம்மா. எனக்கோ பால் கட்டிக்கொண்டு நைட்டி நனைந்துகொண்டிருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஒரு நடுராத்திரியில் அந்தப் பச்சைப் பிள்ளைமேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

மறுநாள் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பால் வேண்டாம்னு வாயை எடுக்கலம்மா. மூச்சு விடத்தான் எடுக்கறான்." முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டுவிடும். அந்த நேரத்தில் மூக்கும் அடைத்திருந்தால் ஒன்று பால், இல்லையென்றால் மூச்சு. அவன் மூச்சைத் தேர்ந்தெடுத்தான்.

சலைன் சொட்டும் ஒரு ரப்பர் பல்பும் எழுதிக் கொடுத்தார். சலைன் என்பது வெறும் உப்புநீர்தான், ஆனால் அளவு சரியாக, கிருமியில்லாமல் தயாரித்தது. வீட்டில் உப்பைக் கரைத்து விடக்கூடாது. பெரியவர்கள் மூக்கடைப்புக்குப் போட்டுக்கொள்ளும் சைலோமெட்டசோலின் சொட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரி குட்டிப் பாட்டிலில் வரும். அது கைக்குழந்தைக்கு ஆபத்து. அதனால் மருந்துக்கடையிலேயே பாட்டிலில் சோடியம் குளோரைடு என்று மட்டும்தான் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கினேன்.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். சில்லென்று விழுந்தால் துள்ளிவிடுவான். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். பலரும் இந்த ஒரு நிமிஷத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். காய்ந்து ஒட்டிய சளி ஊறி இளகினால்தான் பல்புக்கு வரும். பாதி நாள் இந்தக் காத்திருப்பிலேயே இரண்டு தும்மல் போட்டு அவனே வெளியே தள்ளிவிடுவான். பல்புக்கு வேலையே இருக்காது.

வேலை இருந்தால், பல்பை வெளியிலேயே நன்றாக அமுக்கிக்கொண்டு, அமுக்கியபடியே நுனியைத் துளையின் வாசலில் வைப்பேன். உள்ளே வைத்து அமுக்கினால் காற்று சளியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். நுனி ஆழமாகவும் போகக்கூடாது, நடுச்சுவரிலும் இடிக்கக்கூடாது. பிடியை மெல்லத் தளர்த்தினால் 'சர்' என்று ஒரு சத்தம். எடுத்துத் துணியில் பீய்ச்சிவிட்டு அடுத்த துளை.

இதையெல்லாம் பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பே முடித்துவிடுவேன். வயிறு நிறைந்த பிறகு மூக்கில் கை வைத்தால் அழுது, ஓங்கரித்து, குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிடும். ராத்திரித் தூக்கத்துக்கு முன்னாலும் அப்படித்தான்: முதலில் மூக்கு, பிறகு பால், பிறகு தொட்டில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெட்டிச் சளி முழுசாக வெளியே வருவதைப் பார்ப்பதில் ஒரு அல்ப திருப்தி இருக்கிறது. 'இன்னும் ஒரு தடவை' என்று கை போகும். பல்பை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறிஞ்ச உறிஞ்ச உள்தோல் வீங்கி அடைப்பு கூடும், ரத்தமும் கசியும். கை பரபரத்தால் சொட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

"ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊதினா சரியாயிடும்" என்ற அம்மாவிடம் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரை போகலாம்.

மூக்கைச் சுத்தம் செய்த பிறகு கர்கர் சத்தம் அடங்கி, பாலும் குடித்தால் சங்கதி மூக்கோடு நிற்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். மூக்கு திறந்த பிறகும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ பல்பை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவன் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுவேன். இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு 50-ஐத் தொட்டால் காட்டியே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலும் அப்படித்தான், வேறு எதுவும் இல்லாவிட்டாலும்.

பல்பை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்ட வெந்நீரை உறிஞ்சவைத்துப் பீய்ச்சி, நல்ல தண்ணீரில் அலசி, நுனி கீழே பார்க்க ஒரு டம்ளரில் நிறுத்திக் காயவைத்தேன். சளி விட்ட பிறகு, உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்க அதைக் கத்தியால் பிளந்தேன். அத்தனை கழுவியும் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. அடுத்த சளிக்குப் புதிதுதான்.