கடற்கரையும் கீழ் நகரமும்

அக்கா மகன் பால்டர்ஸ் கேட் 3 வாங்கலாமா என்று கேட்டான். அவன் லேப்டாப்பில் இருப்பது நான்கு கோர் இன்டெல் ஐ5-10300எச், 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ரேம். "ஸ்டீம்ல வாங்கி ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாப்போம் மாமா. ஓடலன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்றான். சட்டென்று சரி என்று சொல்ல வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

*

முதலில் விதி. வாங்கி 14 நாளுக்குள், ஓட்டிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிவிடும். 2015 ஜூனிலிருந்து இருக்கும் ஏற்பாடு. கணினி தாங்கவில்லை என்பதை விதியிலேயே ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே சோதித்துப் பார்ப்பதற்காக வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓசியில் விளையாடும் வழியாக இதையே பழக்கமாக்கிக்கொண்டால் சலுகையை நிறுத்திவிடலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதுவும் நியாயம்தான்.

150 ஜிபி இடம் கேட்கும் விளையாட்டு இது. தரவிறக்கும் நேரம் இரண்டு மணியில் சேராது, ஆனால் 14 நாள் வாங்கிய நிமிடத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

*

இரண்டு மணி நேரத்தில் எதுவரை போக முடியும்? கப்பல், அது விழுந்து கிடக்கும் கடற்கரை, வேகமாகப் போனால் தோப்பு. அவ்வளவுதான். இவை எல்லாமே கணினிக்கு எளிய இடங்கள்: திறந்த வெளி, கொஞ்சம் எதிரிகள், மரம், பாறை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை உண்டு, பிராசஸருக்கு அதிகம் இல்லை.

பிராசஸரைப் பிழியும் இடம் மூன்றாம் அங்கத்தின் கீழ் நகரம். தெரு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் எங்கே நடக்கிறார், எதில் முட்டாமல் போகிறார், யாரைப் பார்க்கிறார் என்பதை பிராசஸர் நொடிக்குப் பலமுறை கணக்குப் போட வேண்டும். அங்கே போய்ச் சேர பல பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் பணம் திரும்பும் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட மூன்று வருடம், முடிவடையாத நிலையிலேயே இதை விற்றார்கள். காசு கொடுத்தவர்கள் லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் அதில் இருந்தது முதல் அங்கம் மட்டுமே, நகரத்தை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. "என் கணினியில் மூன்று வருடமாக நன்றாக ஓடியது" என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான். கடற்கரையைப் பற்றிய உண்மை.

*

இலவச டெமோ ரீஃபண்ட் சோதனையைவிடக் குறைவாகத்தான் சொல்லும் என்பது என் எண்ணம். எந்தத் துண்டைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் விற்பவர். டிராகன்ஸ் டாக்மா 2 வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 மார்ச்சில், பாத்திரத்தை உருவாக்கிப் பார்க்கும் பகுதியை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு ஆள், ஒரு அறை. அது நன்றாக ஓடிய கணினிகள்கூட விளையாட்டின் தலைநகருக்குள் நுழைந்ததும் திணறின. அங்கேயும் ஆட்களின் கூட்டம்தான் காரணம்.

டெமோவே திணறினால் மட்டும் பதில் உறுதி: வாங்காதே. நன்றாக ஓடினால் அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ரீஃபண்ட் சோதனையும் அப்படியேதான், கீழ் நகரத்தை இந்த இரண்டு மணிக்குள் கொண்டுவர வழி கண்டுபிடிக்காவிட்டால்.

*

வழி இருக்கிறது. வேறொருவர் மூன்றாம் அங்கத்தில் சேமித்த கோப்பை எடுத்து இங்கே திறக்கலாம். என் நண்பர் ஒருவரிடம் இருந்தது. முதலில் ஒரு ஆட்டம் தொடங்கி ஒருமுறை சேமித்தால் இந்தக் கோப்புறை உருவாகும்:

```
%LocalAppData%\Larian Studios\Baldur's Gate 3\PlayerProfiles\Public\Savegames\Story
```

நண்பர் தந்த கோப்புறையை அப்படியே இதற்குள் போட வேண்டும். அவர் வைத்திருக்கும் பதிப்பு நம்முடையதைவிடப் புதியதாக இருந்தால் திறக்காது. அவர் மாட் போட்டு ஆடியிருந்தாலும் சிக்கல், அதை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

விளையாட்டுக்கு முன் வரும் லாஞ்சர் திறந்து கிடந்தாலும் ஸ்டீம் நேரத்தை எண்ணும். தொடக்க அமைப்பில் `--skip-launcher` என்று போட்டுவிட்டோம். அதைவிட அதிகம் நேரம் தின்பது பாத்திரம் உருவாக்கும் திரை. மூக்கையும் முடியையும் மாற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருவான் என்று தெரியும். கையில் கிடைத்த ஆளோடு தொடங்கச் சொன்னேன்.

*

எப்போது ஓட்டுவது? லேப்டாப் குளிர்ந்திருக்கும் முதல் பத்து நிமிடத்தின் எண்களை நம்பக் கூடாது. சூடேறிய பிறகு பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவன் விளையாடப் போவது ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில். அதனால் சோதனையும் மதியம் மூன்று மணிக்கு, அதே அறையில், சார்ஜர் மாட்டி. முதலில் அரை மணி நேரம் கடற்கரை, லேப்டாப் நன்றாகச் சூடானதும் நகரம்.

எதைப் பார்ப்பது? சராசரி எஃப்.பி.எஸ் போதாது. நொடிக்கு 60 ஃப்ரேம் வந்தாலும் அதில் ஒன்று மட்டும் பத்தில் ஒரு நொடி தாமதித்தால் கண்ணுக்குத் திக்கல் தெரியும், சராசரியில் தெரியாது. ஃப்ரேம் நேரத்தைக் கோடாகக் காட்டும் கருவியைத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டோம். கோடு தட்டையாக இருந்தால் நல்லது. ஊசி ஊசியாக எழுந்தால் கெட்டது.

*

கண்டது: கடற்கரையில், நடுத்தர அமைப்பில், 55 அளவில். கீழ் நகரத்துச் சந்தையில் 30, சில மூலைகளில் 26.

அடுத்து செய்ததுதான் இந்தச் சோதனையிலேயே முக்கியம். திரைத் தெளிவை 1080லிருந்து 720க்கு இறக்கினோம். கடற்கரையில் 70ஐத் தாண்டியது. நகரத்தில் 30, 31 ஆனது. தெளிவைக் குறைத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் சுமைதான் குறையும். அதனால் எண் அசையவில்லை என்றால் தடுப்பது பிராசஸர். லேப்டாப்பில் அதை மாற்ற முடியாது. எந்த கிராஃபிக்ஸ் அமைப்பைக் குறைத்தாலும் பெரிய பலன் இல்லை. கூட்டத்தின் அசைவைக் குறைக்கும் அமைப்பு மட்டும் கொஞ்சம் உதவியது.

*

கடன் வாங்கிய கோப்பாலும் பிடிக்க முடியாதவை உண்டு. 2023 டிசம்பரில் இதே விளையாட்டுக்கு வந்த ஒரு திருத்தம் நினைவுக்கு வருகிறது. வீரர் செய்த திருட்டும் உடைப்பும் தீர்க்கப்படாமல் உள்ளே தேங்கிக்கொண்டே போய், ஆட்டம் நீள நீள வேகம் குறைந்திருக்கிறது. சேர்ந்து சேர்ந்து வரும் இப்படிப்பட்ட கோளாறு எந்த இரண்டு மணிச் சோதனையிலும் சிக்காது.

ஜிஓஜி கடையில் 30 நாள், விளையாடியிருந்தாலும் திருப்பலாம். கையில் சேமித்த கோப்பு கிடைக்காதவர்களுக்கு அங்கே வாங்குவதுதான் மேல் என்று சொல்வேன்.

*

ஸ்டீம் காட்டிய நேரம் 84 நிமிடம். திருப்பலாமா என்று கேட்டான். சுடும் விளையாட்டாக இருந்தால் 26க்கு நானே திருப்பச் சொல்லியிருப்பேன். இது முறை வைத்து ஆடுவது. எதிரி நம் முறைக்குக் காத்திருப்பான். எஃப்.பி.எஸ்ஸை 30க்குப் பூட்டிவிட்டு மறுபடி சந்தையில் நடக்கவிட்டேன். மூலைகளில் மட்டும் கோடு எழுந்தது, மற்ற இடங்களில் தட்டையாகப் போனது. பத்து நிமிடம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நண்பரின் கோப்பை அழித்துவிட்டு, மூக்கு முடி எல்லாம் மாற்றப் புதிதாக உட்கார்ந்தான்.