இளைப்பதற்கு முதல் இடம் மளிகை லிஸ்ட்

உடம்பு இளைக்க வேண்டும் என்றால் நாம் உடனே தட்டில் சோற்றைக் குறைக்கிறோம். நாலு நாளில் பசி தாங்காமல் பழையபடி ஆகிவிடுகிறது. என் அனுபவத்தில், தட்டுக்கு முன்னால் மாதம் பிறந்ததும் எழுதுகிறோமே, அந்த மளிகை லிஸ்டில்தான் கை வைக்க வேண்டும்.

எங்கள் வீடு குன்னத்தில். நான், என் வீட்டுக்காரர், மாமியார், கல்லூரிக்குப் போகும் பையன் என்று நாலு பேர். சென்ற ஆண்டு அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். எடை 82 கிலோ. "மாத்திரை இப்போது வேண்டாம், ஐந்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

முதலில் எண்ணெய்க் கணக்கைப் பார்த்தேன். மாதம் ஐந்து லிட்டர் கேன் வாங்குவது வழக்கம். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறக்குறைய 8,200 கலோரி. ஐந்து லிட்டரை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால், ஆளுக்கு தினம் 340 கலோரி எண்ணெயில் மட்டுமே போகிறது. மூன்று லிட்டர் என்றால் அது 205 ஆகும். பசியே தெரியாமல் 135 கலோரி மிச்சம்! ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும், தினம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதும் என்கிறது.

கேனை நிறுத்திவிட்டு ஒரு லிட்டர் பாக்கெட் மூன்று வாங்குகிறேன். ஒன்றாம் தேதி ஒன்று, பதினொன்றில் ஒன்று, இருபத்தொன்றில் ஒன்று பிரிப்பேன். பிரித்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதிவிடுவேன். ஏழாம் நாளே தீர்ந்தால் எங்கோ கை தாராளமாகிவிட்டது என்று தெரிந்துவிடும். தினமும் காலையில் 100 மில்லி அளந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வேன். பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதில்லை, கிண்ணத்திலிருந்து ஸ்பூனால்தான் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வடை சுட வேண்டுமென்றால், முந்தின இரண்டு நாளில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பேன்.

அடுத்தது நொறுக்குத் தீனி. மிக்சரும் முறுக்கும் கண்ணாடி பாட்டிலில், டி.வி. பக்கத்து அலமாரியில் இருந்தன. கண்ணில் படுவதைக் கை எடுக்கத்தானே செய்யும்! இப்போது அவை மூடிய எவர்சில்வர் டப்பாவில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் பரணில் இருக்கின்றன. லிஸ்டிலும் 'மிக்சர் 1 கிலோ' இல்லை. '100 கிராம் பாக்கெட் 4' என்று எழுதுகிறேன். வாரம் ஒரு பாக்கெட், கிண்ணத்தில் கொட்டித்தான் சாப்பிட வேண்டும். டப்பா இருந்த இடத்தில் வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும், பக்கத்தில் ஒரு சொம்பு மோரும் வைத்தேன்.

"ஏம்மா, என் புள்ளையைப் பட்டினி போடறியா?" என்று மாமியார் கோபித்துக்கொண்டார். "இல்லீங்கத்தை, சோறு, குழம்பு எதையும் குறைக்கலை" என்று தட்டைக் காட்டினேன். வயதான அவருக்கு வேண்டியதைத் தனியாகச் சின்ன டப்பாவில் போட்டு அவர் அறையிலேயே வைத்துவிட்டேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. எண்ணெய் குறைந்ததும் ருசி போதாமல் சோறு கூடிவிடலாம். மாதக் கடைசியில் அரிசி வழக்கத்தைவிட முன்னால் தீர்ந்தால் அதுதான் காரணம். நான் பொரியலை இரட்டிப்பாக்கினேன், தாளிப்பில் சின்ன வெங்காயத்தைக் கூட்டினேன், ருசி நின்றது. இன்னொரு ஓட்டை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பஜ்ஜி. அதற்கு என் அலமாரி காவல் நிற்காது. மாலையில் புறப்படும் முன் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தேன். பாதி நாள் பலித்தது.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். ஒரு கிலோ ஏறி இறங்குவது தண்ணீராகவும் இருக்கும். ஒரு மாதப் போக்கைத்தான் பார்க்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பையும் அளந்தோம். நாலு மாதத்தில் 82 கிலோ 78½ ஆனது, இடுப்பு 98 சென்டிமீட்டரிலிருந்து 94 ஆனது. டாக்டர் கேட்ட ஐந்து இன்னும் ஆகவில்லை. ஆனாலும், சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் வெளியிட்டதைப் படித்தபோது தைரியம் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாற்றாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு வந்தது. இத்தனைக்கும், மாற்றியவர்களின் எடை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இளைப்பதற்காக இப்படிக் குறைக்க வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு வேர்க்கடலையும் முட்டையும் லிஸ்டில் அப்படியே இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும். மற்றவர்கள் அடுத்த ஒன்றாம் தேதி பாக்கெட் மேல் தேதி எழுதிப் பாருங்கள். எத்தனை நாள் வருகிறது என்று அதுவே சொல்லிவிடும்.