வண்டி யாரை அறிகிறது?

எங்கள் ஜங்கிலிகாட் வீட்டில் இரண்டு ஸ்கூட்டர்கள் உள்ளன. மகனுடையது ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட என்டார்க் வகை. மருமகளுடையது 2023-இல் வந்த, சாவித் துவாரமற்ற ஆக்டிவா. இவ்விரண்டையும் கவனித்து வந்ததில் நான் தெளிந்தது ஒன்றே: இவை நம்மை அறிவதில்லை, நாம் கையில் வைத்திருக்கும் பொருளையே அறிகின்றன.

முதலில் சாவியைப் பார்ப்போம். அது சட்டைப்பையில் இருக்க, வண்டியிலிருந்து சுமார் இரண்டு மீட்டருக்குள் நின்றால் போதும். குமிழைத் திருப்பி வண்டியைக் கிளப்பலாம். விலகிச் சென்றால் எஞ்சின் கிளம்பாதபடி காவல் ஏற்படுகிறது. ஆனால் திருப்புகிற கை யாருடையது என்று வண்டி கேட்பதில்லை. தேநீர்க் கடை வாசலில் வண்டியை ஒட்டி நாம் அமர்ந்திருந்தால், நம் பையிலுள்ள சாவியே அயலானுக்கும் அனுமதி தந்துவிடும். ஆதலால் வண்டியருகே அமர்வோர் குமிழைப் பூட்டு நிலையில் விடுவதோடு, கண்ணையும் அதன்மேல் வைத்திருத்தல் வேண்டும்.

அடுத்தது மகனுடைய வண்டி. அது புளூடூத் என்னும் குறுந்தூர அலையால் கைப்பேசியோடு இணைகிறது. சென்ற தூரம், எடுத்த நேரம், கடைசியாக நிறுத்திய இடம் ஆகியவற்றை அவன் கைப்பேசியிலுள்ள செயலி குறித்து வைக்கிறது. இடத்தை அறிவது கைப்பேசியே, வண்டியன்று. ஒரு நாள் இளையவன் அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு அபர்தீன் கடைத்தெருவுக்குச் சென்றான். மூத்தவனும் அவன் கைப்பேசியும் வீட்டிலேயே இருந்தனர். செயலியைத் திறந்தால், வண்டி எங்கள் வாசலில் நிற்பதாகவே வரைபடம் காட்டியது. கடைத்தெருப் பயணம் ஏட்டில் ஏறவேயில்லை. களவு போன வண்டியையும் இக்குறிப்பு தேடித் தராது; நாம் விட்ட இடத்தை மட்டுமே சொல்லும்.

வீட்டிலிருப்போர் முக்கியமாக அறிய வேண்டியது அழைப்பு அறிவிப்பு. நாம் அழைத்தால், ஓட்டுபவன் முன்னுள்ள திரையில் நம் பெயர் தோன்றுகிறது. மகன் சிடியாத்தாப்புவுக்குச் செல்கிறான் என்று கொள்வோம். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம், வளைவுகள் நிறைந்த பாதை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர் ஓடும். அம்மாவின் பெயரை இரண்டு விநாடி நோக்கினால், இருபத்திரண்டு மீட்டர் சாலையை அவன் பாராமலே கடக்கிறான். பதில் வரவில்லையே என்று தாய் மூன்று முறை அழைத்தால் ஆபத்தும் மும்மடங்காகிறது.

ஓட்டும்போது தானே பதில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் அச்செயலியில் உண்டு. அதை அமைத்துக்கொள்ளலாம். ஆயினும் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிட்டாத இடத்தில் அழைப்பும் போகாது, பதிலும் வராது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வகுத்துள்ளோம்: புறப்பட்டவனை நாம் அழைப்பதில்லை, சேர்ந்தவுடன் அவனே அழைப்பான். முதல் வாரம் என் மனைவி கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சமைக்கிறாள்.