கடல் கடந்த மடல்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?



சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை வந்திருக்கிறது. எஸ் பாஸ். “மாசம் 3,300 வெள்ளி, ஓ.டி. தனி” என்று ஏஜென்ட் சொன்னாராம். “நல்ல சம்பளம்தானே மாமா?” என்று கேட்டான். அந்த 3,300-ல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேள் என்றேன்.

காரணம் இதுதான். இங்குள்ள வேலைச் சட்டத்தில் வாரம் 44 மணி நேரம், ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்ற பாதுகாப்பு எல்லோருக்கும் கிடையாது. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரைக்கும் உண்டு. மற்ற ஊழியர்களுக்கு 2,600 வரைக்கும்தான். மேலாளர், நிர்வாகி பதவிக்கு இது பொருந்தாது. சூப்பர்வைசர் இந்தக் கோடுகளுக்கு நடுவில் நிற்கிறவர். ஆகவே மெஷினில் கை வைக்கிற நேரம் அதிகமா, ஆட்களையும் ரிப்போர்ட்டையும் பார்க்கிற நேரம் அதிகமா என்று முதலில் கேட்க வேண்டும்.

மேற்பார்வைதான் முக்கிய வேலை என்று வைத்துக்கொள்வோம். 3,300-ம் அடிப்படைச் சம்பளம் என்றால் சட்டப்படியான ஓ.டி. இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஏஜென்ட்டின் வாய்ச்சொல் மட்டுமே. அதையே அடிப்படை 2,400, மாதாந்தர ஷிப்ட் படியும் வீட்டுப் படியும் 900 என்று பிரித்திருந்தால் ஓ.டி. உரிமையாகிவிடும். ஆனால் கணக்கில் படி சேராது. 2,400-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி என்று வகுத்தால் மணிக்கு 12.59 வெள்ளி, ஒன்றரை மடங்கு 18.88. 3,300-ஐ வைத்துப் போட்ட கணக்கோடு வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டிலேயே துண்டு விழும்.

ஷிப்ட் படி தர வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அது கம்பெனி தருவது. மாதம் இவ்வளவு என்று நிலையாக வருமா, வேலைக்குப் போன இரவுகளுக்கு மட்டும் வருமா? இரண்டாவது வகை என்றால் பகல் ஷிப்டுக்கு மாற்றிய மாதம் அந்தப் பணம் வராது. ஷிப்ட் அட்டவணையையும் கேளுங்கள். 12 மணி நேர ஷிப்ட் செல்லும், ஆனால் தொடர்ந்து 3 வாரச் சராசரி 44-ஐத் தாண்டக் கூடாது. சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேராது.

பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள். வேலை அனுமதிக்கான ஒப்புதல் கடிதம் வந்ததும் அதில் அடிப்படைச் சம்பளம், நிலையான படி இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் சொன்னதோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால், விளக்கம் கிடைக்கும்வரை பணமும் கட்டாதீர்கள், டிக்கெட்டும் எடுக்காதீர்கள்.