பொருந்திக்கொள்ளுங்கள்: கடைசிப் பெட்டியைக் கட்டுமுன் ஒரு கணக்கு



ஊரைவிட்டுப் புறப்படுபவர், வழியனுப்ப வருவோரிடம் "பொருந்திக்கொள்ளுங்கள்" என்று கேட்பது நம் சமுதாயத்தில் வழிவழியாக வரும் வழக்கம். ஹஜ்ஜுக்குச் செல்வோரும் இதையே கேட்கின்றனர். அந்த ஒரு சொல்லால் எது தீர்கிறது, எது தீராமல் நிற்கிறது என்பதைச் சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு பெண்மணியின் வீட்டில் கண்டோம்.

நாகைக் கடலோரத்தில் உள்ள எங்கள் ஊரில், மதரஸாவுக்கு அடுத்த தெருவில் 20 ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர் அவர். தெருவே அவரை ராத்தா என்றுதான் அழைக்கும். கணவர் வஃபாத்தானபின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை அந்த வீட்டிலேயே இருந்து முடித்தார். பின்னர் கோவையிலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்படும் நாளில், பெட்டி கட்ட உதவுவதற்காக நாமும் சென்றிருந்தோம். அஸருக்குப் பின் வண்டி வரும். மூன்று அட்டைப்பெட்டிகளே எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் ஒட்ட விடாமல் வாசலருகே வைத்திருந்தார் ராத்தா. "அது என் பெட்டி இல்லைம்மா, மத்தவங்க பெட்டி" என்றார்.

முதலில் எதிர்வீட்டு மாமி வந்தார். கட்டியணைத்து அழுது முடிந்ததும், ராத்தா அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய தேக்சாவை எடுத்து வைத்தார். மகள் திருமணத்தின்போது இரவல் வாங்கியது. "மூடி எங்க கையில தொலைஞ்சு போச்சு மாமி. புதுசு வாங்கியிருக்கேன். பொருந்தலைன்னா விலையைச் சொல்லுங்க" என்றார். "போகிற நேரத்துல மூடியா பெரிசு?" என்று மாமி கடிந்துகொண்டார்.

ஆனால் இரவல் பொருளின் சட்டம் ராத்தா அறிந்ததுதான். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரவல் வாங்கிய பொருள் தொலைந்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் வாங்கியவரே ஈடு தர வேண்டும். அனுமதித்த வகையில் பயன்படுத்தியதால் ஏற்படும் தேய்மானத்திற்கு மட்டும் ஈடில்லை. ஆகவே தேக்சாவின் அடி கரிந்ததற்கு ராத்தா பொறுப்பல்லர். மூடி தொலைந்ததற்குப் பொறுப்பாளி. ஹனஃபீ மத்ஹபில் இரவல் பொருளும் அமானிதமாகவே கருதப்படுகிறது. கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தால்தான் ஈடு. எந்த மத்ஹபாயினும், உரியவர் அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பொறுப்பு நீங்கிவிடும். மாமி மூடியைப் போட்டுப் பார்த்தார். சற்றே பெரிதாக இருந்தது. "இதுவே போதும், மீதியைப் பொருந்திக்கிட்டேன்" என்றார். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சொன்ன சொல் அது.

அடுத்து வந்தவர் பக்கத்துவீட்டுப் பெண். இருவர்க்கும் இடையே எத்தனையோ ஆண்டுகளாக ஒரு கிண்ணம் சீனி, அரைக்குவளை எண்ணெய், நான்கு முட்டை என்று போய்வந்தபடி இருந்தன. திருப்பியது எவ்வளவு, மறந்தது எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. "எல்லாத்தையும் பொருந்திக்க" என்று ராத்தா கேட்கவில்லை. நம்மை நோக்கி, "ஆலிமா, இதுக்கு என்ன வழி?" என்றார்.

அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துப்படி, அளவு தெரியாத கடனைப் பொதுவாகத் தள்ளுபடி செய்வது செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் அது செல்லும். ஷாஃபிஈ சட்ட நூல்கள் இதற்கு எளிய வழியும் காட்டுகின்றன. கடன் நிச்சயமாக இதைத் தாண்டாது என்று நம்பும் ஓர் உச்ச அளவைக் குறிப்பிட்டு, அதுவரை உள்ளதை விட்டுக்கொடுக்கலாம். அதைச் சொன்னோம். அவ்விருவரும் சிறிது நேரம் கணக்கிட்டு, ஒரு ரூபாய் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை எதுவாயினும் பரஸ்பரம் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டனர். சொல்லி முடித்ததும் இருவரும் சிரித்துவிட்டனர். அன்று அவ்வீட்டில் நாம் கேட்ட முதற்சிரிப்பு அது.

லுஹருக்குப் பின் மீன் விற்கும் சகோதரி ஒருவர் வந்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர், பின்தெருவில் வசிப்பவர். கணவரின் குடிக்குத் தப்புவித்த பணத்தை ராத்தாவிடம்தான் கொடுத்து வைப்பார். ராத்தா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, நம்மைச் சாட்சியாக வைத்து எண்ணிக்கொடுத்தார்: 18,500 ரூபாய். "அக்கா, அண்ணனை ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்போ இதை எடுத்துச் செலவு பண்ணியிருக்கலாமே, அப்புறம் வச்சிருக்கலாமே" என்றார் அந்தச் சகோதரி. "கேட்காம எப்படி எடுக்கிறது?" என்றார் ராத்தா. அந்நாட்களில் அவர் தம் வளையல்களை விற்றதைத் தெரு அறியும்.

காவலுக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள், காப்பவரின் குறையின்றித் தொலைந்தால் அவர்மீது ஈடில்லை. ஆனால் அனுமதியின்றி அதைச் செலவிட்டால், பின்னர் திரும்ப வைக்கும் எண்ணம் இருந்தாலும், அக்கணமே அது கடனாகிவிடுகிறது, அமானிதம் முறிகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட நிகழ்வை இங்கு நினைவுகூர வேண்டும். அவர்களை எதிர்த்த அவ்வூர் மக்களே தம் பொருள்களை அவர்களிடம் ஒப்படைத்திருந்தனர். உயிருக்கு ஆபத்து சூழ்ந்த அந்த வேளையிலும், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலி (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். அலி (ரலி) மூன்று நாட்கள் தங்கி அப்பணியை முடித்த பின்னரே மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள்.

"இனிமே எங்க வைக்கிறது?" என்று அந்தச் சகோதரி கேட்டபோது ராத்தாவிடம் பதிலில்லை. மறுவாரம் அவரை அஞ்சலகத்துக்கு அழைத்துச் சென்று, அவர் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்க உதவுவதாக நாம் பொறுப்பேற்றோம். அல்ஹம்துலில்லாஹ், அது நிறைவேறியது.

பெட்டியின் அடியில் ஓர் உறை மட்டும் எஞ்சியது. முன்னொரு காலத்தில் அத்தெருவில் இருந்த தையல்காரப் பெண்ணுக்குத் தர வேண்டிய 400 ரூபாய். அவர் எங்கு சென்றார் என்று எவருக்கும் தெரியவில்லை. ராத்தா அவ்வுறையில் பெயரையும் விவரத்தையும் எழுதி நம்மிடம் தந்தார். இத்தகைய கடனுக்கு முதலில் இயன்றவரை விசாரிக்க வேண்டும். அவரோ அவருடைய வாரிசுகளோ கிடைப்பார்கள் என்ற நம்பிக்கை அற்றுப்போனால், அவர் சார்பில் ஸதகா செய்யலாம். பின்னொரு நாள் அவர் வந்து கேட்டால், அந்தத் தர்மத்தை ஏற்பதும் பணத்தைப் பெறுவதும் அவர் உரிமை. பணம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். உறை நம் அலமாரியில் இருக்கிறது, விசாரணை தொடர்கிறது.

தீனாரும் திர்ஹமும் பயன்படாத அந்த நாள் வருமுன், பிறருக்கு இழைத்த அநீதியை இன்றே தீர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பயணம் புறப்படுபவருக்காக அவர்கள் கற்றுத்தந்த துஆவிலும், அவருடைய மார்க்கத்தோடும் செயல்களின் முடிவோடும் அவருடைய அமானிதமும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கப்படுகிறது. வண்டி நகர்ந்தபோது அந்த துஆவைத்தான் நாம் ஓதினோம். வாசலில் கிடந்த அட்டைப்பெட்டி காலியாக இருந்தது.

பிறர் பொருள் நம் பெட்டிகளில் தங்கிவிடாமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.