கப்பல் நின்றாலும் புகை நிற்காது

சென்ற மாதம் ராயபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையில் மாடியில் உட்கார்ந்திருந்தபோது தங்கை மகன் கேட்டான்: "கப்பல் துறைமுகத்துல சும்மாதானே மாமா நிக்குது, அதுக்கு ஏன் புகை?"

கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பி, சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் பல வருஷம் உழைத்தவன் நான். அந்தப் புகையில் எனக்கும் பங்கு உண்டு.

கரை கட்டியதும் பெரிய இன்ஜினை நிறுத்திவிடுவோம். ஆனால் விளக்கு, பம்பு, குளிர்பதன அறை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டுமே! அதற்கு ஜெனரேட்டர்கள் இரவு பகலாக ஓடும். அவற்றுக்கும் போட்டது அதே கனரக எண்ணெய்தான். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசலை வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு அது. ஆறினால் தார் மாதிரி இறுகிவிடும். நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் ஒழுங்காக எரியும். கச்சா எண்ணெயில் இருக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி இந்தக் கசடோடுதான் தங்குகிறது.

எங்கள் காலத்தில் நூறு கிலோ எண்ணெயில் மூன்றரை கிலோ கந்தகத்துக்கு மேலும் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 2012-க்குப் பிறகு மூன்றரையே உச்சவரம்பு. துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பல் நாளைக்கு ஐந்து டன் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை சதவீதம் என்றால் அதில் 175 கிலோ கந்தகம். எரியும்போது ஏறக்குறைய அதே எடை ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 350 கிலோ கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். அது மூச்சுக்குழாயை எரிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். காற்றில் இருக்க இருக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக மாறி நுரையீரலின் ஆழம்வரை போகும். சென்னையில் நண்பகலுக்குப் பிறகு கடல்காற்று வீசும். துறைமுகத்துக்கு மேற்கேதான் ராயபுரமும் மண்ணடியும்.

2020 ஜனவரி 1 முதல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு இந்த வரம்பை அரை சதவீதமாக்கியது. அதே ஐந்து டன்னுக்கு இப்போது 50 கிலோதான். ஏழில் ஒரு பங்கு! வடக்கு ஐரோப்பா, வட அமெரிக்கக் கரையோரங்களில் 2015 முதலே 0.1 சதவீதம்தான். எண்ணெய் ஏற்றும்போது கந்தக அளவு எழுதிய சீட்டும், முத்திரையிட்ட மாதிரிப் புட்டியும் கப்பலில் இருக்க வேண்டும். சோதனைக்கு வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

ஒரு சந்து இருக்கிறது. புகையைக் கடல்நீரால் கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் பழைய எண்ணெயையே எரிக்கலாம். சில கருவிகள் கழுவிய தண்ணீரைக் கடலிலேயே விடுகின்றன. நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில், துறைமுகத்துக்குள் அப்படி விடக்கூடாது என்று அதே 2020-இல் தடுத்துவிட்டார்கள்.

"அப்ப இப்போ காத்து சுத்தமா மாமா?" என்றான். கந்தகம் குறைந்ததடா, கரியும் நைட்ரஜன் புகையும் போகவில்லை என்றேன். அதற்குக் கரையிலிருந்து கம்பி இழுத்துக் கப்பலுக்கு மின்சாரம் கொடுத்து, ஜெனரேட்டரையும் நிறுத்தினால்தான் உண்டு.